இரண்டு மணி நேரப் பர்மிஷன்

பிள்ளையின் டைரியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி வருகிறது: “வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பெற்றோர் கூட்டம். தவறாமல் கலந்துகொள்ளவும்.” அலுவலகத்தில் மேசை வேலை பார்க்கும் அம்மாவுக்கு இது பெரிய செய்தி இல்லை. ஜவுளிக்கடையில் சேலை கவுண்டரில் நிற்கும் அம்மாவுக்கு அன்றிரவே கவலை தொடங்கிவிடும். சனிக்கிழமை கடையில் கூட்டம் மொய்க்கும் நாள். அன்றைக்கு லீவு என்று வாயைத் திறந்தாலே சூப்பர்வைசர் முகம் மாறும்.

அந்த முகம் ஏன் மாறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பெரிய கடைகளில் ஒரு முழு நாள் லீவு கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் சூப்பர்வைசரிடம் இருப்பதில்லை. அவர் மாடி மேனேஜரிடம் போய் நிற்க வேண்டும். சனிக்கிழமைக்கு ஆள் குறைந்ததற்குப் பதிலும் சொல்ல வேண்டும். ஆனால் ஓரிரு மணி நேரம் தாமதமாக வர விடுவதையோ, நடுவில் வெளியே போய்வர விடுவதையோ அவரே முடிவு செய்யலாம். இதைத்தான் கடைகளிலும் கம்பெனிகளிலும் ‘பர்மிஷன்’ என்கிறார்கள். அவர் கையில் இல்லாத ஒன்றைக் கேட்டால் ‘முடியாது’ என்பதுதான் அவருக்கு எளிய பதில். அவராகவே தரக்கூடியதைக் கேட்டால் யோசித்துப் பார்ப்பார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாதச் சம்பளம் 12,000 ரூபாய் வாங்கும் ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் கூலி 400 ரூபாய். அவருடைய கடையில் ஒரு நாள்கூட லீவு போடாதவர்களுக்கு மாதம் 500 ரூபாய் வருகைப்படி தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சம்பளமில்லாத லீவு ஒன்று போட்டால் அவர் இழப்பது 400 இல்லை, 900. இரண்டு மணி நேரப் பர்மிஷனாக வாங்கினால், முறையாகப் பதிவாகும் பட்சத்தில், இரண்டுமே தப்பும்.

பெற்றோர் கூட்டத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. சனிக்கிழமை கூட்டம் என்று எல்லோரும் பயப்படுவது மதியத்துக்கு மேல் வருகிற கூட்டத்தை நினைத்துத்தான். கடை திறந்த முதல் இரண்டு மணி நேரம் முந்தைய இரவு பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்குவதிலும், புதுச் சரக்கை எடுத்து வைப்பதிலும் போகும். பத்து மணிக் கூட்டம் அந்த நேரத்திலேயே முடிந்துவிடும். ஆகவே “சனிக்கிழமை லீவு வேணும்” என்று கேட்கவே வேண்டாம். கேட்பது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“சார், வர்ற சனிக்கிழமை பாப்பா ஸ்கூல்ல பேரன்ட்ஸ் மீட்டிங். பத்து மணிக்கு. பதினொன்றரைக்கெல்லாம் கவுண்டர்ல நின்னுருவேன். அதுவரைக்கும் பக்கத்து கவுண்டர் அக்கா பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. சாயங்காலம் அவங்க டீக்குப் போறப்ப நான் அவங்க கவுண்டரையும் சேத்துப் பாத்துக்கறேன்.”

“சனிக்கிழமைன்னா எப்படிம்மா?”

“கூட்டம் வர்றதுக்குள்ள வந்துருவேன் சார். ரிஜிஸ்டர்ல மட்டும் எழுதிவிட்ருங்க.”

இதில் கெஞ்சல் இல்லை. எப்போது வருவார், அதுவரை யார் நிற்பார், பதிலுக்கு அவர் என்ன செய்வார் என்ற மூன்றும் சூப்பர்வைசர் கேட்பதற்கு முன்பே வந்துவிட்டன. மேனேஜர் கேட்டால் சொல்லச் சூப்பர்வைசருக்கும் இந்த மூன்றுதான் தேவை. பக்கத்து கவுண்டர் அக்காவிடம் முதலில் பேசிவிட்டே இங்கே வர வேண்டும். “யாராவது பாத்துக்குவாங்க” என்றால் அந்த யாராவதைத் தேடும் வேலை அவர் தலையில் விழும்.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். வாரத்தின் டியூட்டி சார்ட் எழுதுவதற்கு முந்தைய நாள் நல்லது. வாடிக்கையாளர் குறைவாக இருக்கும் மதிய வேளையில், அவர் தனியாக இருக்கும்போது கேட்க வேண்டும். நாலு பேர் நிற்கையில் கேட்டால், கொடுக்க மனமிருந்தாலும் அவர் மறுத்துவிடுவார். ஒருவருக்குக் கொடுத்தால் மற்ற மூவருக்கும் கொடுக்க வேண்டுமே என்ற பயம்தான் காரணம்.

ஆண்டு விழா வேறு விஷயம். அது பெரும்பாலும் மாலையில் நடக்கும். கடையில் வியாபாரம் சூடு பிடிப்பதும் அதே நேரத்தில்தான். இங்கே இரண்டு மணி நேரம் கேட்பது உதவாது. சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார், வரவேற்புரையும் ஆண்டறிக்கையும் நீளும். பிள்ளையின் நடனம் வருவதற்குள் பர்மிஷன் நேரம் கரைந்துவிடும். அரங்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் தாயின் நிலை கொடுமையானது. அழைப்பிதழ் கைக்கு வந்த அன்றே, அந்த வாரத்து வார விடுமுறையை விழா நாளுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்பதுதான் சரி. வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை ஓய்வு என்றால், “இந்த ஒரு வாரம் செவ்வாய்க்கிழமை வந்துடறேன், வெள்ளிக்கிழமை ஆஃப் குடுங்க சார்” என்று கேட்பது. ஆள்கணக்கு குறைவதில்லை, படியும் போகாது. இரண்டு வாரம் இருந்தால் இதற்கு நேரம் போதும். முந்தைய நாள் கேட்டால் சார்ட் ஏற்கனவே ஒட்டப்பட்டிருக்கும்.

“உடம்பு சரியில்லை” என்று சொல்லிவிட்டுப் போவதைப் பலர் எளிய வழியாக நினைக்கிறார்கள். மகள் பரிசு வாங்கும் படத்தை அன்றிரவே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பார்கள். அந்த எண் சூப்பர்வைசரிடமும் இருக்கும். அடுத்த முறை உண்மையிலேயே காய்ச்சல் வந்தாலும் அவர் நம்பமாட்டார்.

இன்னொரு சிக்கல், “பாக்கலாம்மா” என்ற பதில். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனவர்கள் அரை நாள் சம்பளம் இழந்திருக்கிறார்கள். பெயர் ரிஜிஸ்டரில் ஏறியதா, நடுவில் வெளியே போவதானால் கேட் பாஸில் கையெழுத்து விழுந்ததா என்று பார்க்க வேண்டும். விரல் வைக்கும் மெஷினுக்கு “சார் சொன்னார்” என்பது தெரியாது. எழுதி வைக்காவிட்டால் தாமதத்தை அரை நாளாகக் கணக்கிடும் கடைகள் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? பிள்ளையின் பள்ளி நிகழ்ச்சிக்கென்று தனி விடுப்பு கடை ஊழியர்களுக்கு இல்லை. ஆனால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947, நியாயமான எந்தக் காரணத்துக்காகவும் ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் தற்செயல் விடுப்பு எடுக்க இடம் தருகிறது. பிள்ளையின் ஆசிரியரைப் பார்ப்பது நியாயமான காரணம்தான். கடைகளில் இந்த விடுப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். வேலைக்குச் சேர்ந்த உடனேயே எத்தனை நாள் தற்செயல் விடுப்பு என்று கேட்டு வைப்பது நல்லது. நெருக்கடி நாளில் சட்டத்தைப் பேசினால் அது சண்டையாகத்தான் போகும்.

இவ்வளவும் செய்து மறுத்துவிட்டால், பள்ளியிடம் கேட்கலாம். பெற்றோர் கூட்டம் என்பது பெரும்பாலும் வகுப்பு ஆசிரியரோடு பத்து நிமிடப் பேச்சும் மதிப்பெண் அட்டையில் ஒரு கையெழுத்தும்தான். “மிஸ், எனக்குச் செவ்வாய்க்கிழமை ஆஃப். அன்னிக்குக் காலைல பிரேயருக்கு முன்னால வரலாமா?” என்று டைரியில் எழுதி அனுப்பினால் ஒத்துக்கொள்ளும் ஆசிரியர்கள் நிறைய. கூட்ட நாளின் நெரிசலில் கிடைக்காத பேச்சுகூட அப்போது கிடைக்கும்.

பர்மிஷன் கிடைத்துப் போய்வந்தால், சொன்ன பதினொன்றரைக்குள் விரல் வைத்துவிட்டு நேராகச் சூப்பர்வைசர் கண்ணில் பட வேண்டும். கேட் பாஸ் துண்டு கையில் இருந்தால் அந்த மாதச் சம்பளம் வரும்வரை எறிய வேண்டாம். சம்பளத்தில் அரை நாள் பிடித்திருந்தால், காட்டுவதற்கு அந்தத் துண்டு இருக்கும்.