'நாளைக்கு நைட் ஷிஃப்ட்' என்று ஒரு மெசேஜ்

ஒரகடம், திருப்பெரும்புதூர் பக்கத்து ஆலைகளில் ஷிஃப்ட் மாற்றம் இப்போது பெரும்பாலும் போனில்தான் வருகிறது. முதலில் டைம் ஆபீஸ் வாசலில் போர்டு இருந்தது, அதன்பின் சூப்பர்வைசர் நேரில் சொன்னார், இப்போது எஸ்.எம்.எஸ்ஸும் வாட்ஸ்அப்பும். இந்த முறைக்கு மாறும்போது ஹெச்.ஆர். அலுவலர் தொழிலாளர்களுக்கு ஒரு கடிதம் கொடுப்பார். 'இனி தகவல்கள் மொபைல் மூலம் அனுப்பப்படும், ஒத்துழைப்பு தரவும்' என்று இரண்டே வரியில் முடிந்துவிடும் கடிதங்கள்தான் அதிகம். அப்படிப்பட்ட கடிதத்தால் பயன் இல்லை. பின்னால் வரப்போகும் தகராறுகளையெல்லாம் தீர்த்துவைக்க வேண்டிய தாள் அது.

எடுத்துக்காட்டுக்கு ஒன்று. ஏ ஷிஃப்ட் காலை 6 மணி முதல் 2 வரை, பி ஷிஃப்ட் 2 முதல் இரவு 10 வரை, சி ஷிஃப்ட் இரவு 10 முதல் மறுநாள் காலை 6 வரை. திங்கள் இரவு 11.50க்கு 'நாளை உங்களுக்கு நைட் ஷிஃப்ட்' என்று மெசேஜ் போகிறது. பி ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தவர் 12.10க்கு அதைப் பார்க்கிறார். தேதி மாறிவிட்டது. அவர் கணக்கில் 'நாளை' என்பது புதன். செவ்வாய் இரவு அவர் இடம் காலியாகக் கிடக்கும். ரிலீவர் வராததால் பி ஷிஃப்ட் ஆள் மெஷினை விட்டு நகர முடியாமல் ஓ.டி. பார்ப்பார். போன் அணைந்திருந்தால் இன்னும் சிக்கல். எஸ்.எம்.எஸ். உடனே தொலைந்துவிடாது, காத்திருந்து போனை ஆன் செய்ததும் வந்து விழும். மறுநாள் காலையில் வந்து சேரும் 'நாளை'யை யார் என்ன செய்வது?

அதனால் கடிதத்தின் முதல் வாக்கியமே இதுவாக இருக்க வேண்டும்: 'எந்த மெசேஜிலும் இன்று, நாளை என்ற சொற்கள் வராது. ஷிஃப்ட் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் கிழமையோடு வரும்.' கீழே மாதிரி மெசேஜ் ஒன்றை அச்சடித்தே கொடுத்துவிடலாம்:

'ஷிஃப்ட் மாற்றம்: 13 செவ் இரவு 10 முதல் 14 புதன் காலை 6. பஸ் 9.10'

இவ்வளவு சுருக்கத்துக்குக் காரணம் உண்டு. ஒரு எஸ்.எம்.எஸ்ஸில் ஆங்கிலம் 160 எழுத்து பிடிக்கும், தமிழ் 70தான். புள்ளியும் கொம்பும் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும். 'ஷிஃப்ட்' என்பது கண்ணுக்கு 4 எழுத்து, போனுக்கு 7. மேலே உள்ள மெசேஜ் 64. மிச்சமுள்ள 6 இடத்தில் ஆலைப் பெயரின் சுருக்கத்தைப் போடலாம். 70ஐத் தாண்டினால் இரண்டு மெசேஜாகப் பிரிந்து செலவும் இரட்டிக்கும். செலவுக்குப் பயந்து ஆங்கிலத்தில் அனுப்பும் ஆலைகள் உண்டு. படிக்கத் தெரியாதவருக்கு அனுப்பியதும் அனுப்பாததும் ஒன்றுதான். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களுக்கு அவர்கள் மொழியில் போக வேண்டும் என்பதும் இதில் அடங்கும்.

வாட்ஸ்அப்பில் தொல்லை வேறு விதம். ஹெச்.ஆர். ஆபீஸ் 'பிராட்காஸ்ட்' பட்டியல் போட்டு அனுப்பினால், அந்த எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். சேமிக்காதவருக்கு வராது, வரவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. எந்த எண்ணை என்ன பெயரில் சேமிக்க வேண்டும் என்று கடிதம் சொல்லியாக வேண்டும். குரூப்பில் போட்டாலோ, காலை வணக்கப் படங்களுக்கு அடியில் ஷிஃப்ட் புதைந்துவிடும். அட்மின் மட்டும் எழுதும்படி அமைத்துவிடுவது நல்லது.

பிறகு அந்த இரட்டை டிக். சாம்பல் நிறத்தில் இரண்டு விழுந்தால் மெசேஜ் போனுக்குப் போயிருக்கிறது, அவ்வளவே. நீல டிக்கை அவரவரே அணைத்து வைக்கலாம். போனை மனைவியோ பிள்ளையோ எடுத்துப் பார்த்திருக்கலாம். ஆகவே 'பதில் இல்லையென்றால் சம்மதம்' என்ற வரி கடிதத்தில் இருந்தால், அது அநியாயமான வரி. 'சரி' என்று பதில் வராதவரை, குறிப்பிட்ட நேரத்துக்குள் சூப்பர்வைசர் போன் செய்து பேசுவார் என்று எழுதுவதே முறை.

போர்டைக் கழற்றிவிடவும் கூடாது. வேலை நேர அறிவிப்பை ஆலையில் ஒட்டி வைக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்த விதி. ஒருவரை ஏ ஷிஃப்டிலிருந்து சி ஷிஃப்டுக்கு மாற்றுவது வேறு, ஷிஃப்ட் முறையையே மாற்றுவது வேறு. நிலையாணைகளில் இல்லாதபடி புதிதாய் ஷிஃப்ட் தொடங்கவோ மாற்றவோ நிறுத்தவோ வேண்டுமானால், பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. முந்தின நாள் ராத்திரி அனுப்பும் வாட்ஸ்அப் மெசேஜ் அந்த அறிவிப்பு ஆகாது.

தொழிலாளர் பக்கம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சிம் மாற்றினால், புதிய எண்ணை டைம் ஆபீஸில் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.