தெர்மிஸ்டரின் வளைவை நேராக்கும் வழி

தெர்மிஸ்டர் என்பது வெப்பநிலைக்கு ஏற்ப மின்தடை பெரிதும் மாறும் குறைகடத்தி உறுப்பு. சூடேறும்போது மின்தடை குறையும் வகைதான் ஏ.சி., ஃபிரிட்ஜ், முட்டை பொரிப்பான் போன்றவற்றில் வெப்பநிலையை அளக்கிறது. இந்தப் பண்பை 1833இல் மைக்கேல் ஃபாரடே வெள்ளி சல்பைடில் கண்டறிந்தார். இன்றைய தெர்மிஸ்டர்கள் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடுகளால் ஆனவை.

இதன் மின்தடை ஒரே சீராகக் குறைவதில்லை. கடைகளில் எளிதில் கிடைக்கும் 10 கிலோ ஓம் வகையை (B மதிப்பு 3950) எடுத்துக்கொண்டால், 0 டிகிரி செல்சியஸில் அதன் மின்தடை சுமார் 33.6 கிலோ ஓம். 25 டிகிரியில் 10, 50 டிகிரியில் 3.6. முதல் 25 டிகிரிக்கு 23.6 கிலோ ஓம் இறங்கிய மின்தடை, அடுத்த 25 டிகிரிக்கு 6.4 மட்டுமே இறங்குகிறது. சம இடைவெளியில் கோடு போட்ட மீட்டரில் இதை நேரடியாகக் காட்ட முடியாது.

தெர்மிஸ்டருக்கு இணையாக ஒரு சாதாரண மின்தடையை வைத்தால் இந்த வளைவு பெருமளவு நேராகிவிடும். குளிரில் தெர்மிஸ்டரின் மின்தடை மிக அதிகம். அப்போது மின்னோட்டத்தின் பெரும்பகுதி இணை மின்தடை வழியே போவதால், தெர்மிஸ்டரின் பெரிய மாற்றம் அடங்கிவிடுகிறது. சூட்டில் தெர்மிஸ்டரின் பங்கு கூடுவதால் அதன் சிறிய மாற்றம் அவ்வளவாக அடங்குவதில்லை. இரு முனைகளுக்கும் நடுப்புள்ளிக்கும் உரிய மின்தடைகளை R₁, R₂, Rₘ என்று கொண்டால், இணை மின்தடையின் மதிப்பு இது:

Rₚ = [Rₘ(R₁ + R₂) − 2R₁R₂] / (R₁ + R₂ − 2Rₘ)

மேற்சொன்ன எண்களை இட்டால் 7.6 வரும், கடையில் கிடைக்கும் 7.5 கிலோ ஓம் போதும். அப்போது கூட்டு மின்தடை 0 டிகிரியில் 6.13, 25 டிகிரியில் 4.29, 50 டிகிரியில் 2.43 கிலோ ஓம். இரண்டு பாதிகளிலும் இறக்கம் ஏறத்தாழ சமமாகிவிட்டது.

ஆனால் கோடு முழுக்க நேராவதில்லை. இந்த மூன்று புள்ளிகளுக்கு இடையே அது மெல்ல நெளிகிறது, 12.5 டிகிரிக்கு அருகில் அளவீடு சுமார் ஒரு டிகிரி குறைவாகவும், 37.5 டிகிரிக்கு அருகில் 0.8 டிகிரி அதிகமாகவும் காட்டும். அறை வெப்பமானிக்கு இது போதும். கோழி முட்டைகளை 37.5 டிகிரியை ஒட்டி வைக்க வேண்டிய பொரிப்பானுக்குப் போதாது. அதற்கு 25 முதல் 50 டிகிரி வரை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் இணை மின்தடை 4.3 கிலோ ஓம் ஆகும், பிழையும் 0.1 டிகிரி அளவுக்குச் சுருங்கிவிடும். எல்லையைப் பாதியாக்கினால் பிழை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிறது.

அடுத்து, இந்த மின்தடையை மின்னழுத்தமாக்க வேண்டும். 0.1 மில்லி ஆம்பியர் மாறா மின்னோட்டத்தை 7.5 கிலோ ஓம் இணைப்பு வழியே செலுத்தினால் 0 டிகிரியில் 0.613 வோல்ட், 50 டிகிரியில் 0.243 வோல்ட் கிடைக்கும். மின்னோட்டத்தைக் கூட்டினால் சிக்னல் பெரிதாகும், ஆனால் தெர்மிஸ்டர் தானே சூடாகித் தவறான அளவைக் காட்டும். மாறா மின்னோட்ட மூலத்துக்குப் பதிலாக 5 வோல்ட்டிலிருந்து ஒரு மின்தடை வழியே மின்னோட்டம் கொடுத்தால், அந்த மின்தடையும் இணையாக இருப்பதாகவே கணக்கில் சேர்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் நேராக்கிய கோடு மீண்டும் வளையும்.

கிடைக்கும் மின்னழுத்தம் சிறியது; சூடேற ஏற இறங்குவது. அதைப் பெருக்கித் தலைகீழாக்க ஆப்-ஆம்ப் உதவுகிறது. LM358 சில்லில் இரண்டு ஆப்-ஆம்ப்கள் உள்ளன. முதலாவது, தெர்மிஸ்டரிலிருந்து மின்னோட்டத்தை இழுக்காமல் மின்னழுத்தத்தை அப்படியே கடத்துகிறது. இரண்டாவது அதை 6.75 மடங்கு தலைகீழாகப் பெருக்குகிறது. அதன் நேர் முனையில் 0.534 வோல்ட் வைத்தால் 0 டிகிரிக்கு 0 வோல்ட், 50 டிகிரிக்கு 2.5 வோல்ட் வெளிவரும். அதாவது டிகிரிக்கு 50 மில்லி வோல்ட்.

சரிபார்க்க, தெர்மிஸ்டரைக் கழற்றிவிட்டு ஒரு சதவீதத் துல்லியமுள்ள 10 கிலோ ஓம் மின்தடையை இணைத்தால் வெளியீடு 1.25 வோல்ட்டாகவும், 3.6 கிலோ ஓம் இணைத்தால் 2.5 வோல்ட்டாகவும் இருக்க வேண்டும். இரண்டு பிரீசெட்டுகளை மாறிமாறித் திருகி இதைச் சரிசெய்யலாம். தெர்மிஸ்டரின் கம்பி அறுந்தால் வெளியீடு 0 வோல்ட்டில் நின்றுவிடும். பொரிப்பான் அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொண்டு ஹீட்டரை அணைக்காமலே வைத்திருக்கும். ஆகவே 0 வோல்ட்டைக் கண்டதும் ஹீட்டரை நிறுத்தும் ஏற்பாடும் சுற்றில் வேண்டும்.