பாலக்கரை வீடு, 50,000 அட்வான்ஸ், 14-வது ஷரத்து: கையெழுத்துக்கு முன்னாடி போட்ட ஒரு கணக்கு

வீடியோல இதை அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிச்சுட்டேன். கணக்கை விரிவா எழுதுங்கன்னு நிறைய பேர் கேட்டதால இந்தப் பதிவு.

கதை என் சித்தி பையனோடது. படிப்பு முடிஞ்சு திருச்சியில முதல் வேலை. அதுவரைக்கும் ஹாஸ்டல், அப்புறம் கொஞ்ச நாள் நண்பர்களோட ரூம். தன் பேர்ல வீடு எடுக்கிறது இதுதான் முதல் தடவை. பாலக்கரையில், சகாய மாதா பசிலிக்காவுக்குப் பின்பக்கம் ஒரு தெருவில், மாடியில ஒரு பெட்ரூம் வீடு. காந்தி மார்க்கெட் பக்கம், பஸ்ஸும் சுலபம். வாடகை மாசம் 9,000 ரூபாய், அட்வான்ஸ் 50,000. பிடிச்சுப்போய் 5,000 ரூபாய் டோக்கனும் கொடுத்துட்டான்.

வீட்டுக்காரர் நல்ல மனுஷர்தான். வீடு காட்டும்போதே, "தம்பி, வேலை மாறினா ஒரு மாசம் முன்னாடி சொல்லுங்க, காலி பண்ணிக்கலாம், பிரச்சினையே இல்ல"ன்னு சொல்லியிருக்கார். ஒரு வாரம் கழிச்சு அக்ரிமெண்ட் ரெடி, ஞாயிற்றுக்கிழமை வந்து கையெழுத்து போடுங்கன்னு போன். நாலு பக்கம். முதல் பக்கம் முத்திரைத்தாள், மிச்சம் சாதா தாள்.

தம்பி முந்தின நாளே ஒரு காப்பியை வாட்ஸ்அப்பில் வாங்கிட்டான். இந்த ஒரு காரியம்தான் அவனைக் காப்பாத்துச்சு. வீட்டுக்காரர் எதிர்ல உட்கார்ந்துக்கிட்டு, காபி கொடுத்த கையோட, "படிச்சுட்டு கையெழுத்து போடுங்க தம்பி"ன்னா யாரும் நாலு பக்கத்தையும் ஒழுங்கா படிக்க மாட்டோம். நானே படிச்சதில்லை.

ராத்திரி எனக்கு அனுப்பி, "அண்ணே, ஓகேவா பாருங்க"ன்னான். நான் அவன்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணு: "முதல்லேர்ந்து படிக்காத. ஒரு பேனாவை எடுத்து 'முன்பணம்', 'வாடகை', 'காலி' இந்த மூணு வார்த்தை எங்கெங்க வருதோ அங்கல்லாம் கோடு போடு. கோடு போட்டதை மட்டும் சேர்த்துப் படி." ஏன்னா அக்ரிமெண்ட்டில் ஆபத்து பெரும்பாலும் ஒரே வரியில இருக்காது. ஒரு பக்கத்துல கொடுப்பாங்க, இன்னொரு பக்கத்துல எடுத்துப்பாங்க. வரிசையா படிச்சா முதல் பக்கத்துல படிச்ச நிம்மதியிலயே மூணாவது பக்கத்தைத் தாண்டிடுவோம்.

அரை மணி நேரத்துல திரும்பக் கூப்பிட்டான். குரலே மாறியிருந்தது.

இரண்டாவது பக்கத்துல 6-வது ஷரத்து: இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் ஒரு மாதம் முன்னறிவிப்பு கொடுத்து வாடகையை முடித்துக்கொள்ளலாம். வீட்டுக்காரர் வாயால சொன்னதேதான். சந்தோஷம்.

மூணாவது பக்கத்துல, தண்ணி மோட்டார், மொட்டை மாடி, சுவத்துல ஆணி அடிக்கக்கூடாதுங்கிற சமாச்சாரத்துக்கெல்லாம் நடுவுல 14-வது ஷரத்து. கிட்டத்தட்ட இப்படி இருந்தது: "மேலே 6-வது ஷரத்தில் என்ன கண்டிருந்தபோதிலும், 2-வது பார்ட்டி 11 மாதம் முடியும் முன் எக்காரணம் கொண்டும் காலி செய்யும் பட்சத்தில், மீதமுள்ள மாதங்களுக்கான வாடகையையும், வெள்ளையடிக்கும் செலவாக ஒரு மாத வாடகையையும் முன்பணத்தில் கழித்துக்கொள்ள சம்மதிக்கிறார்."

"என்ன கண்டிருந்தபோதிலும்" என்கிற சொல்லை நல்லா பாருங்க. அக்ரிமெண்ட்டில் எங்க இது வந்தாலும் அங்க நிறுத்திடுங்க. "மேல சொன்னது எதுவும் இந்த விஷயத்துல செல்லாது, இதுதான் செல்லும்"னு அர்த்தம். அதாவது 6-வது ஷரத்து கொடுத்த ஒரு மாச நோட்டீஸ் வசதியை, 14 வந்து வாடகைதாரருக்கு மட்டும் பிடுங்கிடுச்சு. வீட்டுக்காரர் பக்கம் அது அப்படியே இருக்கு. அவர் ஒரு மாசம் டைம் கொடுத்துக் காலி பண்ணச் சொல்லலாம். இவன் போனா 11 மாசக் காசும் கட்டணும். லாக்-இன்னு சொல்றாங்களே, அதுதான் இது. அந்த வார்த்தையைப் போடாம எழுதியிருக்காங்க, அவ்வளவுதான்.

இப்ப தம்பியோட நிலைமை. ஆறு மாசம் ப்ரொபேஷன். அது முடிஞ்சதும் கோயம்புத்தூரோ சென்னையோ எங்க போடுவாங்கன்னு தெரியாது. ஆறாவது மாசக் கடைசியில காலி பண்றதா வெச்சு கணக்கு போடச் சொன்னேன்.

மீதி 5 மாசம், மாசம் 9,000. அது 45,000. வெள்ளையடிக்க ஒரு மாச வாடகை 9,000. மொத்தம் 54,000. கொடுத்த அட்வான்ஸே 50,000தான். ஆக, அட்வான்ஸ் முழுசும் போய், மேல 4,000 ரூபாய் இவன் பாக்கி. நோட்டீஸ் ஒழுங்கா கொடுத்து, வாடகை ஒரு நாள்கூட தவறாம கட்டி, வீட்டைச் சுத்தமா வெச்சிருந்தாலும் இதுதான் கணக்கு.

"ஆனா அவரே வாயால சொன்னாரேண்ணே?" எல்லாரும் கேக்கிற கேள்வி. எழுத்துல கையெழுத்து போட்ட கண்டிஷனுக்கு எதிரா வாய்ப்பேச்சைக் காட்டி வாதாட, சாட்சியச் சட்டம் பொதுவா இடம் கொடுக்காது. அவர் பொய் சொன்னார்னும் நான் சொல்ல மாட்டேன். பல வீட்டுக்காரங்களுக்குத் தங்களோட அக்ரிமெண்ட்டில் என்ன இருக்குன்னே தெரியாது. டைப் பண்ற கடையில ஏற்கெனவே இருக்கிற ஒரு ஃபைலை எடுத்து, பேரையும் தொகையையும் மட்டும் மாத்திக் கொடுத்துடுவாங்க.

"இது சட்டப்படி செல்லுமா?" அடுத்த கேள்வி. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 74-வது பிரிவு. ஒப்பந்தத்தை மீறினா இவ்வளவுன்னு ஒரு தொகை எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதின தொகை அதுக்கு உச்சவரம்பு மட்டும்தான். அடுத்த மாசமே வீட்டுக்கு வேற ஆள் வந்துட்டா, அஞ்சு மாச நஷ்டம்னு சொல்றது கஷ்டம். கேக்க நல்லா இருக்கில்ல? ஆனா பணம் யார் கையில இருக்கு? அவர் கையில. அவர் கழிச்சுக்கிட்டு மிச்சம் இல்லைன்னு சொல்லிட்டா, கோயம்புத்தூர்ல புது வேலை பார்க்கிறவன் திருச்சிக்கு வந்து அலையணும். அந்த அலைச்சலுக்குப் பயந்தே பாதிப் பேர் விட்டுடுறாங்க. அதனால இந்தச் சண்டையைக் கையெழுத்துக்கு முன்னாடி போடணும். அப்ப பணம் நம்ம கையில இருக்கு.

இன்னொரு விஷயத்தையும் இங்கயே சொல்லிடுறேன். தமிழ்நாட்டுல 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்த, நில உரிமையாளர்கள் மற்றும் குத்தகைதாரர்கள் தொடர்பான 2017-ஆம் வருஷத்துச் சட்டம், அட்வான்ஸுக்கு மூணு மாச வாடகையை அளவா சொல்லுது. இந்த வீட்டுக்கு அது 27,000. ஆனா அதிகமா கொடுக்க நீங்களே ஒப்பந்தத்துல ஒத்துக்கிட்டா அந்த அளவைக் காட்டிக் கேக்க முடியாது, அதைத்தான் எல்லாரும் பண்றோம். காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள, பாக்கி இருந்தா கழிச்சுட்டு அட்வான்ஸைத் திருப்பித் தரணும்னும் அதே சட்டம் சொல்லுது. 11 மாச அக்ரிமெண்ட்டுக்குப் பதிவே வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை: பத்திரப்பதிவு ஆபீஸ்ல பதியறது வேற, இந்தச் சட்டப்படி ரென்ட் அத்தாரிட்டிகிட்ட பதியறது வேற. இரண்டாவதை tenancy.tn.gov.in தளத்துல பண்ணலாம்.

கதைக்கு வர்றேன். டோக்கன் 5,000 போனா போகுது, வீடே வேண்டாம்னு தம்பி சொன்னான். நான்தான் நேர்ல போய்ப் பேசச் சொன்னேன். சட்டம், செக்‌ஷன் எதையும் எடுக்காத, அந்தக் கணக்கு எழுதின பேப்பரை மட்டும் காட்டுன்னேன்.

ஞாயிறு காலையில போய், "ஐயா, நான் ஆறு மாசத்துல ட்ரான்ஸ்ஃபர் ஆனா உங்களுக்கு நான் 4,000 ரூபாய் பாக்கின்னு வருது, சரியா போட்டிருக்கேனா பாருங்க"ன்னு கேட்டிருக்கான். அவர் பேப்பரை வாங்கிப் பார்த்துட்டு, கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலையாம். அப்புறம்தான் விஷயம் வெளிய வந்தது. முன்னாடி இருந்தவங்க மூணே மாசத்துல காலி பண்ணிட்டாங்க. திரும்ப வெள்ளையடிச்சு, புரோக்கருக்கு மறுபடி ஒரு மாச வாடகை கொடுத்து, ஒரு மாசம் வீடு சும்மா கிடந்ததாம். அந்தக் கோபத்துலதான் "டைட்டா போடுங்க"ன்னு டைப் பண்றவர்கிட்ட சொல்லியிருக்கார்.

அவர் பயம் நியாயமானதுதான். அதனால ஷரத்தை மொத்தமா அடிக்கச் சொல்லாம, மாத்தி எழுதினாங்க. லாக்-இன் 4 மாசம், அது ரெண்டு பேருக்கும். அதுக்குள்ள தம்பி போனா ஒரு மாச வாடகை மட்டும் கழிப்பு. 4 மாசத்துக்கு மேல ஒரு மாச நோட்டீஸ் போதும். 11 மாசத்துக்கு முன்னாடி போனா வெள்ளையடிக்க 4,500 ரூபாய், அதுக்கு மேல கேக்கக்கூடாது. புதுக் கணக்குப்படி ஆறாவது மாசம் போனா கையில 45,500 வரும். மூணாவது மாசமே போனாலும் 9,000-உம் 4,500-உம் சேர்த்து 13,500தான் நஷ்டம்.

மூணாவது பக்கத்தை மட்டும் திரும்ப டைப் அடிச்சாங்க. நாலு பக்கத்துலயும், ஒவ்வொரு பக்கத்தோட அடியிலயும் ரெண்டு பேரும் கையெழுத்து. கடைசிப் பக்கத்துல மட்டும் போட்டீங்கன்னா நடுப் பக்கம் மாறினாலும் நிரூபிக்க முடியாது. டோக்கன் போக மீதி 45,000-ஐ பேங்க் வழியா அனுப்பி, "வீட்டு அட்வான்ஸ்"னு குறிப்பும் போட்டான். கையில கொடுத்த 5,000-க்கும் சேர்த்து 50,000 பெற்றுக்கொண்டதா அக்ரிமெண்ட்டிலேயே எழுதிக்கிட்டாங்க.

ஏழாவது மாசம் கோயம்புத்தூருக்கு ஆர்டர் வந்துடுச்சு. அன்னிக்கே வாட்ஸ்அப்பிலும் பேப்பரிலும் நோட்டீஸ் கொடுத்து, எட்டாவது மாசக் கடைசியில காலி பண்ணினான். கரண்ட் பில்லை அவனே கட்டிட்டான். சாவி கொடுத்த அன்னிக்கு 20,000, மூணு வாரம் கழிச்சு, புதுசா குடி வந்தவங்க அட்வான்ஸ் கொடுத்ததும் 25,500. பழைய 14-வது ஷரத்து அப்படியே இருந்திருந்தா, மூணு மாச வாடகையும் வெள்ளையடிப்பும் போக 14,000 ரூபாய்தான் வந்திருக்கும்.