ஊர் பிறகு, விலை முதலில்

ஊரை முதலில் தீர்மானித்துப் பிறகு கட்டணத்தை விசாரிப்பதே நம் வழக்கம். நானும் என் தமக்கையாரும் அதைத் தலைகீழாகச் செய்தோம். எங்கள் கையில் இருந்தது 25,000 ரூபாய். பிப்ரவரியில் எந்த வாரமானாலும் சரி, எந்த ஊரானாலும் சரி. தமக்கையார் அதுவரை விமானத்தில் ஏறியதில்லை.

புதுக்கோட்டையில் பயணிகள் விமானநிலையம் இல்லை. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், நம் ஊருக்கு வரும் சாலையிலேயே திருச்சி நிலையம் இருக்கிறது. ஆகவே google.com/travel/explore பக்கத்தில் புறப்படும் இடமாக TRZ என்று எழுதினேன். சேருமிடத்தை வெறுமையாக விட்டேன். நாளைக் குறிப்பிடாமல், பிப்ரவரி மாதத்தில் ஒரு வாரம் என்று மட்டும் தெரிவித்தேன். உடனே தேசப்படத்தில் ஊருக்கொரு விலை தோன்றியது. ஸ்கைஸ்கேனர் தளத்தில் சேருமிடமாக Everywhere என்பதைத் தேர்ந்தெடுத்தால், நாடுகள் மலிவு வரிசையில் பட்டியலாக வருகின்றன.

திருச்சியிலிருந்து கொழும்புக்குப் போய்வர ஒருவருக்கு 12,000 ரூபாய். சென்னையிலிருந்து தேடினால் அதே கொழும்பு 9,500. ஆளுக்கு 2,500 மிச்சம் என்று நான் மகிழ்ந்தேன். தமக்கையாரோ, "தம்பி, நாம் புறப்படுவது சென்னையிலிருந்தா, நம் வீட்டு வாசலிலிருந்தா?" என்று கேட்டார்.

கணக்கை மீண்டும் போட்டேன். சென்னை போய்வர ரயிலுக்கு 1,000. அந்த மலிவுச் சீட்டில் கைப்பை மட்டுமே உண்டு. பெட்டிக்குப் போகவர 3,000. ஆகமொத்தம் 13,500. திருச்சிச் சீட்டில் பெட்டியும் அடக்கம். பேருந்துக்கு 200 சேர்த்தால் 12,200. மலிவாகத் தோன்றியது 1,300 ரூபாய் அதிகம் என்பது தெளிவாயிற்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். தேசப்படத்தில் உள்ள விலை சிறிது நேரத்துக்கு முன்னோ, சில நாட்களுக்கு முன்னோ யாருக்கோ கிடைத்த விலையாக இருக்கலாம். எனவே அது ஒரு தடயமேயன்றி வாக்குறுதி அன்று. அதைத் தொட்டு, குறிப்பிட்ட நாளுக்குத் திறந்து, விமானக் கம்பெனியின் பக்கம்வரை சென்று பாருங்கள். அங்கே காணும் தொகையே மெய்.

அப்போதும் இருவருக்கென்றே தேடுங்கள். மலிவான வகையில் ஒரே இருக்கை எஞ்சியிருந்தால், சேர்த்து வாங்கும் இருவருக்குமே அடுத்த வகைக் கட்டணம் விதிக்கப்படுவது உண்டு. இருவருக்கான தொகை ஒருவர் தொகையின் இருமடங்கைத் தாண்டினால் அதுவே அடையாளம். தனித்தனியாக வாங்குவது லாபம். விசாச் செலவையும், நள்ளிரவில் இறங்கினால் ஆகும் வாடகைக் காரையும் தேசப்படம் காட்டாது. அவற்றை நாமே கூட்டிக்கொள்ள வேண்டும்.

இருவருக்கும் சேர்த்து 24,400 ரூபாயில் திருச்சியிலிருந்தே பறந்தோம். ஜன்னலோர இருக்கை தமக்கையாருக்கு.