மறுமணம் ஆனதும் பென்ஷன் யாருக்கு?

செகந்திராபாத்தில் ரயில் நிலையத்தைச் சுற்றியும், லாலாகூடா பணிமனையை ஒட்டியும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. பெரும்பாலும் ரயில்வே வேலைக்காக வந்து தங்கியவர்கள். அந்த வீடுகளில் இளம் வயதில் கணவனை இழந்த பெண்ணுக்கு இன்னொரு கல்யாணம் என்று பேச்சு எடுத்தாலே, யாராவது ஒரு பெரியவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்: "பென்ஷன் நின்னு போயிடுமே, பரவாயில்லையா?"

இந்த ஒரு கேள்விக்குப் பயந்து கைவிடப்பட்ட கல்யாணங்கள் உண்டு. கோயிலில் தாலி கட்டிக்கொண்டு பதிவு செய்யாமல் விட்ட கல்யாணங்களும் உண்டு. இரண்டுமே தேவையில்லாதவை. மறுமணத்தோடு முடிவது அந்தப் பெண்ணின் உரிமைதான். பல வீடுகளில் குடும்ப ஓய்வூதியம் முடிவதில்லை, கைமாறுகிறது. மறுமணத்தை மறைக்கும்போதுதான் உண்மையான நஷ்டம் தொடங்குகிறது.

மத்திய அரசு ஊழியர்களுக்கான குடும்ப ஓய்வூதியத் திட்டம் 1964-இல் நடைமுறைக்கு வந்தது. மனைவிக்கு மரணம் வரை அல்லது மறுமணம் வரை, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை என்பது அதன் அடிப்படை. 1972-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளில் 54-ஆவது விதியாக இருந்த இது, 2021-ஆம் ஆண்டு புதிய விதிகளில் 50-ஆவது விதியாகத் தொடர்கிறது. ரயில்வேக்கு 1993-ஆம் ஆண்டின் தனி விதிகள். அங்கே இது 75-ஆவது விதி. எண்கள் வேறானாலும் சாரம் ஒன்றுதான். மறுமணம் செய்த விதவை முதல் கணவரின் சொத்தில் உரிமை இழப்பாள் என்று 1856-ஆம் ஆண்டின் விதவை மறுமணச் சட்டம் சொன்னது. அந்தச் சட்டமே நீக்கப்பட்டுவிட்டது. அதன் பார்வை மட்டும் ஓய்வூதிய விதியில் இன்னும் மிச்சமிருக்கிறது.

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். பணிமனையில் வேலை பார்த்த டெக்னீஷியன் ஒருவர் 2021 மார்ச்சில், பணியில் இருக்கும்போதே இறந்துபோகிறார். கடைசி அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய். மனைவிக்கு 29 வயது, மகளுக்கு 4 வயது. பணியில் இறந்தவர் குடும்பத்துக்கு முதல் 10 ஆண்டுகள் சம்பளத்தில் பாதி கிடைக்கும். அதாவது மாதம் 20,000 ரூபாயும் அதற்கான அகவிலை நிவாரணமும். அதன் பிறகு 30 விழுக்காடு, அதாவது 12,000 ரூபாயும் நிவாரணமும்.

அந்தப் பெண் 2024 ஜூன் 14 அன்று மறுமணம் செய்துகொள்கிறார். அவருடைய உரிமை அன்றோடு முடிகிறது. மறுநாள் முதல் உரிமை மகளுக்கு. தொகையில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. 10 ஆண்டுக் கணக்கு தந்தை இறந்த நாளிலிருந்து ஓடுவது என்பதால், 2031 மார்ச் வரை மகளுக்கும் அதே 20,000. பிறகு 12,000. மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை, அல்லது வரம்புக்கு மேல் சொந்தமாகச் சம்பாதிக்கத் தொடங்கும்வரை இது வரும். மகன் என்றால் 25 வயது வரம்பும் உண்டு. மாற்றுத்திறன் காரணமாகப் பிழைப்புக்கு வழி தேட இயலாத பிள்ளை என்றால் வயது வரம்பு கிடையாது.

பணத்தைக் கையில் வாங்குவது யார்? மகள் மைனர் என்பதால் காப்பாளர் வழியாகத்தான் வழங்குவார்கள். தாய் மறுமணம் செய்தாலும் தாய்தான். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டத்தில், தந்தைக்குப் பிறகு தாயே இயற்கைக் காப்பாளர். மறுமணம் அந்தத் தகுதியைப் பறிப்பதாக அதில் எங்கும் இல்லை. மாற்றாந்தந்தை இயற்கைக் காப்பாளர் ஆக மாட்டார் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே வங்கிக் கணக்கு மகள் பெயரில், தாய் காப்பாளராக இருந்து இயக்குவதாகத் தொடங்கப்பட வேண்டும். புதிய கணவர் பெயரை அதில் சேர்ப்பது வீண் சிக்கலைத்தான் கொண்டுவரும்.

ஆனால் இந்த மாற்றம் தானாக நடக்காது. பலரும் தவறவிடுவது இங்கேதான்.

குடும்ப ஓய்வூதியம் தொடங்கும் நாளில் விதவையிடம் ஓர் உறுதிமொழி வாங்குகிறார்கள்: மறுமணம் செய்துகொண்டால் ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்துக்கு உடனே தெரிவிப்பேன் என்று. கணவன் இறந்த துக்கத்தில், கட்டுக் காகிதங்களுக்கு நடுவே போட்ட கையெழுத்து அது. மூன்று வருஷம் கழித்து அவருக்கு அது நினைவில் இருக்காது. அலுவலகக் கோப்பில் பத்திரமாக இருக்கும்.

மறுமணம் ஆனதும் இரண்டு இடங்களுக்குக் கடிதம் போக வேண்டும். ஒன்று, ஓய்வூதியம் வரவு வைக்கும் வங்கி. கடிதத்தில் பி.பி.ஓ. எண், மறுமணத் தேதி, தன் பெயரில் வரும் ஓய்வூதியத்தை அந்தத் தேதியோடு நிறுத்தும்படியான வேண்டுகோள் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். திருமணச் சான்றிதழ் நகலை இணைத்து, இன்னொரு பிரதியில் வங்கியின் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்வது முக்கியம். இரண்டாவது, கணவர் கடைசியாக வேலை பார்த்த அலுவலகம். ரயில்வே என்றால் பணியாளர் பிரிவின் செட்டில்மென்ட் செக்ஷன். மகளுக்குப் புதிதாக உத்தரவு பிறக்க வேண்டியது அங்கிருந்துதான். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு விவரம், கணவரின் இறப்புச் சான்றிதழ், பழைய பி.பி.ஓ. நகல் ஆகியவற்றோடு குடும்ப ஓய்வூதியக் கோரிக்கைப் படிவத்தை அங்கே கொடுக்க வேண்டும். ரயில்வேயில் வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் என்று ஒருவர் இருக்கிறார். இறந்த ஊழியரின் குடும்பத்துக்குக் காகித வேலையில் உதவுவது அவர் பணியில் ஒன்று. தயங்காமல் அவரைத் தேடிப் போகலாம்.

வங்கிக்கு மட்டும் சொல்லிவிட்டு அலுவலகத்தை மறந்தால், தாயின் ஓய்வூதியம் நிற்கும், மகளுடையது தொடங்காது. இரண்டு கடிதமும் ஒரே வாரத்தில் போவது நல்லது.

நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. 'ஜீவன் பிரமாண்' முறையில் கைரேகையோ முகமோ பதிவதற்கு முன், மறுமணம் செய்துகொண்டீர்களா என்று கேட்கப்படும். மறுமணம் செய்தவர்கள் இந்த டிஜிட்டல் முறையைப் பயன்படுத்த முடியாது. வழக்கமான காகிதச் சான்றிதழைத்தான் தர வேண்டும். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் கேட்காமலே 'இல்லை' என்று தட்டிவிட்டுப் போனால், அது அந்தப் பெண்ணே கொடுத்த பொய் வாக்குமூலமாகப் பதிவாகிவிடும். திரையை ஒருமுறை படித்துப் பார்க்காமல் விரலை வைக்கக் கூடாது.

மறைத்தால் என்ன ஆகும்? மேலே சொன்ன பெண் 18 மாதம் சொல்லாமல் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைத் தொகை மட்டுமே 3,60,000 ரூபாய். அகவிலை நிவாரணத்தையும் சேர்த்தால் ஐந்து லட்சத்தைத் தாண்டும். அத்தனையும் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். அதே 18 மாதத்துக்கு மகளுக்கு அந்தப் பணம் உரிமையாகவே கிடைத்திருக்கும் என்பதுதான் வயிற்றெரிச்சல். இரண்டையும் சரிக்கட்டிக்கொள்ளும்படி எழுதிக் கேட்கலாம். ஆனால் கேட்பவர் அப்போது குற்றம் செய்தவர் இடத்தில் நின்று கேட்க வேண்டியிருக்கும். ஊழியர் மீது தவறில்லாதபோது கூடுதலாகக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பதற்கு உச்ச நீதிமன்றம் ரஃபீக் மசீஹ் வழக்கில் வரம்புகள் விதித்தது உண்மை. உறுதிமொழி எழுதிக் கொடுத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்று 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னதும் உண்மை. மறுமணத்தை மறைத்தவருக்கு முதல் தீர்ப்பு கைகொடுக்கும் என்று நம்பி இறங்குவது ஆபத்து.

பிள்ளை இல்லாத விதவையின் கதை வேறு. ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 2008 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு வெளியிட்ட உத்தரவு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. குழந்தையில்லாத விதவை மறுமணம் செய்தாலும் குடும்ப ஓய்வூதியம் அவருக்கே தொடரும். ஒரே நிபந்தனை, அவருடைய சொந்த வருமானம் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியத்தை எட்டக் கூடாது. இன்றைய குறைந்தபட்சம் 9,000 ரூபாயும் அகவிலை நிவாரணமும். 2025 ஜூலையில் நிவாரணம் 58 விழுக்காடாக இருந்தது. எனவே அந்தக் கணக்கில் வரம்பு 14,220 ரூபாய். பார்ப்பது அவருடைய வருமானத்தைத்தான். புதிய கணவரின் சம்பளம் இந்தக் கணக்கில் வராது. வருமானம் பற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓய்வூதியம் வழங்கும் அலுவலகத்துக்கு எழுதித் தர வேண்டும் என்கிறது அந்த உத்தரவு.

இந்தச் சலுகை உடைவது பெரும்பாலும் கருணை அடிப்படை வேலையில். கணவரின் வேலை மனைவிக்குக் கிடைத்திருந்தால், மறுமணம் வரை அந்தச் சம்பளம் ஓய்வூதியத்தைத் தொடாது. மறுமணம் ஆன நாளிலிருந்து அதே சம்பளம் வரம்பைத் தாண்டி நிற்கும், ஓய்வூதியம் போகும். அப்படிப் போனால், கணவரைச் சார்ந்து வாழ்ந்த அவருடைய பெற்றோருக்கு அது போய்ச் சேர வழி உண்டு. விதவையிடமே இருக்கும்வரை பெற்றோருக்கு எதுவும் இல்லை. மகனை வளர்த்தவர்கள் நாங்கள், வேறு வீட்டுக்குப் போனவளுக்கு எதற்கு என்று கேட்கும் மாமனார் மாமியாரின் வலி பொய்யில்லை. மத்திய ரிசர்வ் போலீஸ் படை வீரர் ஒருவரின் பெற்றோர் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இதைத்தான் கேட்டார்கள். நீதிமன்றம் விதியை ஏற்றுக்கொண்டது. விதவைக்கே முதல் உரிமை என்றது. அது சரியான முடிவு. இருபத்தைந்து வயதில் கணவனை இழந்தவளைப் பென்ஷனைக் காட்டி வாழ்நாள் முழுவதும் தனியாக உட்கார வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இவையெல்லாம் மத்திய அரசு, ரயில்வே குடும்பங்களுக்கானவை. செகந்திராபாத் கன்டோன்மென்டில் இருக்கும் ராணுவக் குடும்பங்களுக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் என்றால் விதி இன்னும் தாராளம். மறுமணம் செய்த பின்னும் பிள்ளைகளைத் தொடர்ந்து பராமரிக்கும் தாய்க்கு அது முழுமையாகத் தொடரும். தெலங்கானா மாநில அரசு ஊழியர் குடும்பங்கள் தங்கள் 1980-ஆம் ஆண்டு விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் சலுகை தங்களுக்கும் உண்டு என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

தனியார் கம்பெனி ஊழியர் குடும்பங்கள் போக வேண்டியது பர்கத்புராவில் உள்ள வருங்கால வைப்பு நிதி அலுவலகத்துக்கு. அங்கே 1995-ஆம் ஆண்டுத் திட்டம். விதவை ஓய்வூதியம் மறுமணத்தோடு நிற்கும்; குழந்தையில்லாதவருக்கென்று தனிச் சலுகை கிடையாது. ஆனால் பிள்ளைகளின் பங்கு உயரும். விதவை ஓய்வூதியம் 3,000 ரூபாய் என்றால், அதுவரை பிள்ளைக்கு அதில் கால் பங்கான 750 ரூபாய்தான் வரும். தாய் மறுமணம் செய்ததும் அது அநாதைப் பிள்ளை ஓய்வூதியமாக மாறி, முக்கால் பங்கான 2,250 ரூபாய் ஆகும். தாய் பக்கத்தில் இருக்கும்போதே பிள்ளைக்கு அந்தப் பெயர் விழுவது கேட்கச் சங்கடம்தான். அதற்காக விண்ணப்பிக்காமல் விட்டால், அந்தப் பிள்ளை இழப்பது மாதம் 1,500 ரூபாய்.