நாளைக் காலை 9 மணி என்பது எத்தனை மணி நேரம் கழித்து?

கனடாவின் டொரோன்டோ நகரில் 2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமைக்கு 23 மணி நேரம்தான். அதிகாலை 2 மணி அடிக்க வேண்டிய நொடியில் கடிகாரம் 3 மணிக்குத் தாவியது. கோடைக்கால நேரம் தொடங்கும்போது அங்கே ஆண்டுதோறும் இப்படித்தான் நடக்கிறது. நவம்பர் 2 அன்று கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்ததால் அந்த ஞாயிறுக்கு 25 மணி நேரம் கிடைத்தது.

இப்போது ஒரு கணக்கு. மார்ச் 8, சனிக்கிழமை காலை 9 மணி. இதோடு ஒரு நாளைக் கூட்டினால் என்ன விடை? ஞாயிறு காலை 9 மணி. 24 மணி நேரத்தைக் கூட்டினால்? சனிக்கிழமை நள்ளிரவு வரை 15 மணி நேரம். நள்ளிரவிலிருந்து 2 மணி வரை இன்னும் 2. அங்கிருந்து கடிகாரம் 3-க்குத் தாவிவிடுகிறது. 3 முதல் 9 வரை 6. ஆக, 23 மணி நேரத்திலேயே 9 மணி வந்துவிட்டது. 24 நிறைய 10 மணி ஆக வேண்டும்.

ஜாவா மொழியில் இதை அப்படியே பார்க்கலாம்:

```java
var t = ZonedDateTime.of(2025, 3, 8, 9, 0, 0, 0,
        ZoneId.of("America/Toronto"));
t.plusDays(1);    // 2025-03-09T09:00-04:00[America/Toronto]
t.plusHours(24);  // 2025-03-09T10:00-04:00[America/Toronto]
```

இரண்டு விடையும் சரியே. எது வேண்டும் என்பதைத்தான் நாம் முடிவு செய்ய வேண்டும். தினமும் காலை 9 மணிக்கு நினைவூட்டும் செயலிக்கு ஒரு நாளைத்தான் கூட்ட வேண்டும். அங்கே 86,400 நொடிகளைக் கூட்டிக்கொண்டே போனால், மார்ச் 9 முதல் நவம்பர் வரை நினைவூட்டல் 10 மணிக்கே வரும். 24 மணி நேர வாடகைக்கு எடுத்த காருக்கோ மணி நேரம்தான் கணக்கு. அங்கே ஒரு நாளைக் கூட்டினால் மார்ச்சில் வாடிக்கையாளருக்கு ஒரு மணி நேரம் பறிபோகும். நவம்பரில் உரிமையாளருக்கு இழப்பு.

பைத்தானில் எழுதுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் `timedelta(days=1)`, `timedelta(hours=24)` இரண்டும் ஒன்றேதான். `zoneinfo` மண்டலம் உள்ள நேரத்தோடு எதைக் கூட்டினாலும் சுவர்க் கடிகாரத்தின் 9 மணியே கிடைக்கும். உண்மையிலேயே 24 மணி நேரம் கழிய வேண்டுமானால், முதலில் யுடிசி நேரத்துக்கு மாற்றி, கூட்டி, பிறகு உள்ளூர் நேரத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஒரு நாளைக் கூட்டுவதிலும் ஒரு பள்ளம் உண்டு. மார்ச் 8 அதிகாலை 2:30-உடன் ஒரு நாளைக் கூட்டினால், மார்ச் 9-இல் 2:30 என்ற நேரமே கிடையாது. ஜாவா அதை 3:30 ஆக்கிவிடும். அந்த 3:30-ஐ எடுத்து மறுபடி ஒரு நாளைக் கூட்டினால் மார்ச் 10-க்கும் 3:30 தான் வரும். பழைய 2:30 திரும்பாது. தொடக்கத் தேதியோடு நேராக இரண்டு நாளைக் கூட்டினால் சரியாக 2:30 கிடைக்கும். அதனால்தான் தொடர் நிகழ்வுகளில் முந்தைய விடையின் மேல் கூட்டாமல், எப்போதும் முதல் தேதியிலிருந்தே எண்ண வேண்டும் என்று சொல்கிறேன்.

இந்தக் கணக்குக்கெல்லாம் `America/Toronto` என்ற மண்டலப் பெயர் கையில் இருக்க வேண்டும். பலர் `-05:00` என்ற வித்தியாசத்தை மட்டும் சேமித்து வைக்கிறார்கள். கடிகாரம் எப்போது மாறும் என்பது அந்த எண்ணில் இல்லை. ஆகவே அதோடு ஒரு நாளைக் கூட்டினாலும் 24 மணி நேரத்தைக் கூட்டினாலும் ஒரே விடைதான் வரும்; டொரோன்டோவில் அப்போது மணி 10 ஆகியிருக்கும்.

கோடைக்கால நேரம் இல்லாத நாட்டுக்கு இந்தக் கவலை இல்லை என்றும் சொல்ல முடியாது. இலங்கை 2006 ஏப்ரல் 15 அன்று தன் கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னுக்கு வைத்து, இந்திய நேரத்தோடு சேர்ந்துகொண்டது. கொழும்பில் அந்த நாள் இருபத்து நான்கரை மணி நேரம் நீடித்தது.

இந்திய நேரத்தில் ஓடும் கணினியில் ஆண்டு முழுவதும் சோதித்தாலும் இந்தப் பிழை தலைகாட்டாது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள், டொரோன்டோ மண்டலத்தில் 2025 மார்ச் 8, நவம்பர் 1 ஆகிய இரு தேதிகளின் காலை 9 மணியைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். 24 மணி நேரத்தைக் கூட்டினால் முதலாவதற்கு 10 மணியும் இரண்டாவதற்கு 8 மணியும் வர வேண்டும். ஒரு நாளைக் கூட்டினால் இரண்டுக்கும் 9 மணி.