கர்ப்பச் செய்தி யாருக்குப் போனது?

மாதவிடாய் நாட்களைக் குறித்துவைக்கும் ஃப்ளோ செயலியில், இது எத்தனையாவது கர்ப்ப வாரம் என்று ஒரு பெண் பதிந்தபோது, R_PREGNANCY_WEEK_CHOSEN என்ற பெயரில் ஒரு குறிப்பு உருவானது. செயலிக்குள் பொருத்தியிருந்த பகுப்பாய்வு மென்பொருள் வழியே அது ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்கும் போனது. அந்தப் பெயரே கர்ப்பத்தைச் சொல்லிவிடுகிறதே! அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் புகாருக்குப் பின், 2021இல் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது.

ஐரோப்பியச் சட்டம் கேட்கும் தாக்க மதிப்பீட்டைச் செயலி வெளிவரும் முன்பே செய்தால் இது பிடிபடும். ஒவ்வொரு தகவலும் எங்கே பிறக்கிறது, யாரிடம், எதற்காகப் போகிறது என்று எழுத வேண்டும். பிறகு சோதனைக் கைபேசியிலிருந்து வெளியேறும் தரவை இடைமறித்து, எழுதியதோடு ஒப்பிட வேண்டும். பட்டியலில் இல்லாத முகவரிக்கு ஏதேனும் போனால், அந்த மென்பொருளை நீக்கும்வரை வெளியீடு நிற்கவேண்டும். சிறு நிறுவனத்துக்கும் இது கைக்கெட்டிய வேலைதான்.